போகும்போது நுழைந்தது, வரும்போது இடித்தது

தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகத்தில் வந்திறங்கும் வெளிநாட்டுப் பஞ்சுப் பொதிகள், நாற்பது அடி கன்டெய்னர்களில் திண்டுக்கல், கோவை, திருப்பூர்ப் பக்கத்து நூற்பாலைகளுக்குப் போகின்றன. நான்குவழிச் சாலை வரைக்கும் சிக்கல் இல்லை. மில் இருக்கிற ஊருக்குத் திரும்பிய பிறகுதான் டிரைவருக்குத் தலைக்கு மேலே கண் போகிறது. ரயில்வே சப்வே, ஊர் எல்லையில் யாரோ கட்டி வைத்த வளைவு, கடைசியில் மில்லின் சொந்த ஆர்ச். ஒவ்வொன்றிலும் ஓர் எண் எழுதியிருக்கும், அல்லது எழுதியது அழிந்திருக்கும்.

டிரைவர்களிடையே அடிக்கடி பேசப்படும் புதிர் ஒன்று உண்டு. இருபது டன்னுக்கு மேல் பஞ்சோடு வண்டி வளைவுக்குள் நுழைகிறது. லோடு இறக்குகிறார்கள். அதே வண்டி, அதே கன்டெய்னர், அதே டிரைவர். காலியாகத் திரும்பி வரும்போது வளைவில் இடிக்கிறது. “சாமான் இறக்கியாச்சு, வண்டி எப்படிண்ணே உசந்துச்சு?” என்று கிளீனர் கேட்பது நியாயமான கேள்விதான். பதில், லோடு இறக்கியதால்தான் உயர்ந்தது என்பது.

முதலில் வண்டியின் உயரத்தைப் பார்ப்போம். சரக்குக் கன்டெய்னரில் உயரம் இரண்டு வகை. சாதாரணமானது எட்டரை அடி, அதாவது 2.59 மீட்டர். ‘ஹை கியூப்’ எனப்படுவது அதைவிட ஓர் அடி கூடுதல், ஏறத்தாழ 2.90 மீட்டர். பஞ்சு போல இடத்தை அடைக்கிற சரக்குக்கு உயரமான பெட்டிதான் தோது. அது உட்காரும் டிரெய்லரின் தளம் தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், லோடோடு மொத்தம் 4.40 மீட்டர். கன்டெய்னர் ஏற்றும் டிரெய்லருக்கு மத்திய மோட்டார் வாகன விதிகள் இன்று அனுமதிக்கும் உச்சம் 4.52 மீட்டர். சாதாரணச் சரக்கு லாரிக்கு 4 மீட்டர். ஆக, இது சட்டத்துக்கு உட்பட்ட வண்டிதான்.

ஆனால் அந்த ஒன்றரை மீட்டர் தளம் நிலையானது இல்லை. பாரம் ஏறும்போது ஸ்பிரிங் பட்டைகள் நெளிந்து கொடுக்கின்றன, டயர்கள் சற்றே சப்பையாகின்றன. பாரம் இறங்கினால் இரண்டும் நிமிர்ந்துவிடும். வண்டிக்கு வண்டி இது மாறும். நாம் 6 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். காலியாகத் திரும்பும் நம் வண்டியின் உயரம் 4.46 மீட்டர். ஆர்.சி. புத்தகத்திலோ டிரைவரின் நினைவிலோ இருப்பது ஒரே ஓர் எண். வண்டிக்கு இருப்பது இரண்டு உயரம். வைக்கோல் லாரி மாதிரியான வண்டிகளில் கதை வேறு: கட்டும்போது உயர்ந்து நிற்கிற பாரம் ஐம்பது கிலோமீட்டர் ஓடியதும் அமுங்கும், கயிறு தளர்ந்தால் ஒரு பக்கம் பிதுங்கும். அங்கே வளைவுக்கு முன்னால் மறுபடி அளந்தே தீர வேண்டும்.

அளக்கும் முறை எளிது, ஆனால் இடம் முக்கியம். எடைமேடை, பெட்ரோல் பங்கின் சிமென்ட் தரை போன்ற சமதளத்தில் வண்டியை நிறுத்த வேண்டும். டயரில் காற்று முழுமையாக இருக்க வேண்டும். உச்சியில் ஒரு மட்டப்பலகையைக் குறுக்கே வைத்து, பக்கவாட்டில் நீட்டி, ரசமட்டத்தால் சரிபார்த்து, அதன் அடிவிளிம்பிலிருந்து தரை வரை டேப்பைத் தொங்கவிட வேண்டும். கன்டெய்னர் என்றால் உச்சி எங்கே என்ற சந்தேகம் பெரிதாக வராது. நான்கு மூலைகளிலும் உள்ள வார்ப்பு எஃகுப் பூட்டுக்கட்டைகள் கூரையைவிடக் கொஞ்சம் மேலே நிற்கும், அவைதான் உச்சி. முன்மூலையையும் பின்மூலையையும் தனித்தனியாக அளப்பது நல்லது. டிராக்டரின் முன்னிணைப்பு உயரமாக இருந்தால் கன்டெய்னர் முன்பக்கம் தூக்கி நிற்கும்.

அடுத்து வளைவு. இங்கேதான் பெரிய ஏமாற்று இருக்கிறது. மில் வளைவின் அகலம் 6 மீட்டர். தூண்கள் 3.6 மீட்டர் வரை நேராக எழும்பி, அங்கிருந்து வளைவு தொடங்கி நடுவில் 4.8 மீட்டரைத் தொடுகிறது. கட்டியவர் நடுவில் அளந்து ‘4.8 மீ’ என்று பெயிண்டில் எழுதிவிட்டார். பொய் இல்லை. 4.46 மீட்டர் வண்டிக்கு 34 செ.மீ. இடைவெளி என்று டிரைவர் கணக்குப் போடுகிறார். ஒரு சாணுக்கும் மேல், தாராளம்.

ஆனால் வண்டிக்கு நடு உச்சியில் கூர் இல்லை. அது தட்டையான கூரையுள்ள பெட்டி. 2.44 மீட்டர் அகலக் கன்டெய்னர் துல்லியமாக நடுவில் போனாலும், அதன் மேல்மூலைகள் நடுவிலிருந்து 1.22 மீட்டர் தள்ளி இருக்கின்றன. அந்த இடத்தில் வளைவின் உயரம் 4.62 மீட்டர்தான். 34 என்பது 16 ஆகிவிட்டது. வட்ட வளைவில் நடுவிலிருந்து விலக விலக உயரம் ஒரே சீராகக் குறைவதில்லை. முதலில் மெதுவாகவும் பிறகு வேகமாகவும் சரிகிறது. அதனால் நடுவுக்குப் பக்கத்தில் ஒரு சாண் விலகினால் பெரிதாக ஒன்றும் ஆகாது, மூலைக்குப் பக்கத்தில் அதே ஒரு சாண் ஆபத்து.

இனி சாலையின் வாட்டம். மழைநீர் ஓடுவதற்காகத் தார்ச்சாலையை நடுவில் உயர்த்தி, இரு ஓரங்களுக்கும் சரித்துப் போடுவார்கள். பொறியாளர்கள் கேம்பர் என்பார்கள். வழக்கமான சரிவு மீட்டருக்கு இரண்டு, இரண்டரை செ.மீ. பைக்கில் போகிறவருக்குத் தெரியவே தெரியாது. நாலரை மீட்டர் உயர வண்டிக்குத் தெரியும். வண்டி முழுக்கச் சாலையின் இடப் பாதியில் நின்றால், மீட்டருக்கு இரண்டரை செ.மீ. என்ற அந்தச் சரிவு வண்டியையும் அதே அளவு சாய்க்கிறது. 4.46 மீட்டர் உயரத்தில் அந்தச் சாய்வு 11 செ.மீ. இடப்பெயர்ச்சி. டயர் தூணிலிருந்து நல்ல தூரத்தில் இருக்கும். கீழே பார்த்துக்கொண்டு ஓட்டுகிறவருக்கு எல்லாம் சரியாகவே தெரியும். மேல்மூலை மட்டும் 11 செ.மீ. இடப்பக்கம் போய், வளைவு சரியும் இடத்துக்குள் நுழைந்திருக்கும்.

நம் வண்டி திரும்பி வரும் நேரத்துக்கு வருவோம். வளைவின் வலப்பக்கத் தூணை ஒட்டி யாரோ பைக்கை நிறுத்தியிருக்கிறார்கள். டிரைவர் அரை மீட்டர் இடப்பக்கம் ஒதுங்குகிறார். இப்போது இடது மேல்மூலை நடுவிலிருந்து 1.72 மீட்டர். இடது டயர்கள் சரிவில் கொஞ்சம் கூடுதலாக இறங்க, வலது டயர்கள் நடுமேட்டின் மறுபக்கம் குறைவாக இறங்க, வண்டி ஏறத்தாழ மீட்டருக்கு ஒரு செ.மீ. சாய்கிறது. உச்சியில் அது 5 செ.மீ. ஆக மூலை 1.77 மீட்டரில் இருக்கிறது. அங்கே வளைவின் உயரம், நடுமேட்டின் மட்டத்திலிருந்து பார்த்தால், 4.42 மீட்டர். வண்டியின் இடப்பக்கம் சரிவில் 4 செ.மீ. இறங்கியிருப்பதால் அந்த மூலையின் உயரமும் அதே மட்டத்திலிருந்து 4.42 மீட்டர். இடைவெளி பூஜ்யம். போகும்போது இதே அரை மீட்டர் ஒதுங்கிப் போயிருந்தாலும், லோடோடு இருந்த வண்டி 6 செ.மீ. தாழ்ந்திருந்ததால் நான்கு விரல் இடைவெளியில் தப்பியிருக்கும். டிரைவர் அதைக் கவனித்திருக்கக்கூட மாட்டார். ‘போன வழிதானே’ என்ற தைரியம் அங்கிருந்துதான் வருகிறது.

கிளீனர் இறங்கி நின்று “வா வா, ரைட், இன்னும் இருக்கு” என்று கைகாட்டுவது பெரிய உதவி என்று சொல்ல முடியாது. வண்டிக்கு அருகில் நின்று அண்ணாந்து பார்ப்பவருக்கு இடைவெளி தெரியாது, கூரையின் விளிம்பு மறைக்கும். முன்னாலோ பின்னாலோ நன்றாகத் தள்ளி நின்று, வளைவின் அடிவிளிம்பும் கன்டெய்னரின் மேல்விளிம்பும் ஒரே நேர்கோட்டில் எப்படி வருகின்றன என்று பார்க்க வேண்டும். பின்மூலைகளுக்கு இன்னொருவர் வேண்டும்.

அதைவிட நம்பகமானது ஒரு மூங்கில் கழி. ராட்சத இயந்திரங்களைக் கொண்டுபோகிறவர்கள் புறப்படுவதற்கு முன்பே ஆளை அனுப்பி வழி முழுவதையும் அளந்து வரச் சொல்வார்கள். அவர்களுக்கு லேசர் மீட்டர் உண்டு. நமக்கு, வண்டியின் பெரிய உயரத்தோடு 15 செ.மீ. சேர்த்து வெட்டிய கழி போதும். நம் வண்டிக்கு 4.61 மீட்டர். அந்தப் 15 செ.மீ., வண்டி குலுங்குவதற்கும், அளவில் வந்த பிசகுக்கும், கண்ணுக்குத் தப்பிய பள்ளம் மேட்டுக்கும் விடுகிற இடம். என் கருத்தில் இதற்குக் கீழே போனால் நின்று, ஆள் வைத்து, ஊர்ந்துதான் நகர வேண்டும். கழியைச் சாய்க்காமல், தூக்குக்குண்டு கட்டிப் பார்த்து, நேராகப் பிடிக்க வேண்டும். நடுவில் மட்டும் பிடித்தால் பயனில்லை. வண்டியின் இடது மேல்மூலை போகும் கோடு, வலது மேல்மூலை போகும் கோடு, இரண்டிலும் வளைவின் முன்முகம் தொடங்கிப் பின்முகம் வரை நடக்க வேண்டும். நம் வளைவில் சரியாக நடுவில் போகும் வண்டியின் மூலைக்கோட்டில் கழி 4 செ.மீ. மிச்சத்தோடு நுழையும். அரை மீட்டர் தள்ளிய கோட்டில் நுழையவே நுழையாது. இந்த வளைவுக்கு விடை, போகலாம், ஆனால் நடுவில் மட்டும் என்பது. பைக்கை எடுக்கச் சொல்லிவிட்டுத்தான் வண்டியை எடுக்க வேண்டும்.

ஓர் எச்சரிக்கை. இந்தக் கழி வேலையை மின்கம்பி இருக்கும் இடத்தில் செய்யவே கூடாது. மின்மயமான ரயில் பாதையின் லெவல் கிராசிங்கில் தலைக்கு மேல் ஓடுவது 25,000 வோல்ட். அதைத் தொட வேண்டியதில்லை, பக்கத்தில் போனாலே பாயும். ஈர மூங்கிலும் மின்சாரத்தைக் கடத்தும். அதனால்தான் கேட்டுக்கு இருபுறமும் கம்பியைவிடக் கணிசமாகத் தாழ்வான இரும்புச் சட்டம் நட்டிருக்கிறார்கள். அந்தச் சட்டத்துக்குள் வண்டி நுழையாவிட்டால், கம்பிக்கு இன்னும் இடம் இருக்கிறதே என்று வாதாடுவதற்கு ஒன்றும் இல்லை.

இனி ரயில்வே சப்வே. இங்கே மேலே இருப்பது தட்டையான கர்டர் அல்லது கான்கிரீட் பெட்டி. வளைவில் பார்த்த கணக்கு இங்கே தலைகீழாகும். மேற்பகுதி மட்டமாக இருக்க, நடுவில் சாலை உயர்ந்திருந்தால், மிகக் குறைந்த இடைவெளி நடுவில்தான். ஓரத்தில் நின்று அளப்பவருக்கு (போக்குவரத்துக்குப் பயந்து எல்லோரும் ஓரத்தில்தான் அளப்பார்கள்) தாராளமான எண்தான் கிடைக்கும். நடுவிலிருந்து மூன்றரை மீட்டர் தள்ளி நின்றால் ஏறத்தாழ 9 செ.மீ. அதிகம் காட்டும். வளைவில் ஓரம் எதிரி, கர்டருக்கு அடியில் நடுமேடு எதிரி. சாலை திருப்பத்தில் சப்வே இருந்தால் நிலைமை இன்னும் மோசம். திருப்பத்தில் சாலை முழுவதையும் ஒரு பக்கமாகச் சரித்திருப்பார்கள், அது மீட்டருக்கு 7 செ.மீ. வரை போகலாம். நம் வண்டியின் உச்சி அங்கே 31 செ.மீ. பக்கவாட்டில் நகரும். உயரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறவர் பக்கச் சுவரில் தேய்ப்பார்.

சப்வேயின் தனிக் குணம் அதன் குழிவு. சாலை இறங்கி, பாலத்துக்கு அடியில் தாழ்ந்து, மறுபடி ஏறுகிறது. கார் அந்தக் குழிவுக்குள் முழுமையாக இறங்கும். நாற்பது அடி டிரெய்லர் இறங்காது. முன்சக்கரத் தொகுதி ஏற்றத்தில் ஏறத் தொடங்கியிருக்கும்போது பின்சக்கரத் தொகுதி இன்னும் இறக்கத்தில் இருக்கும். நடுவில் வண்டியின் உடல், குழியின் மேல் போட்ட பலகை போல, தரையிலிருந்து எழும்பி நிற்கும். கூரையும் அதே அளவு எழும்பும். கர்டரின் நேர்கீழே குழிவின் ஆழமான இடத்தில் ‘4.7 மீ’ என்று சரியாக அளந்து எழுதியிருந்தாலும், நீளமான வண்டிக்கு அது முழுதாகக் கிடைக்காது.

எவ்வளவு குறையும் என்பதை நூல் பிடித்துப் பார்க்கலாம். டிராக்டரின் பின்சக்கரத்துக்கும் டிரெய்லரின் சக்கரங்களுக்கும் இடையிலான தூரம் 9 மீட்டர் என்றால், 9 மீட்டர் நூலை இரண்டு பேர் சாலையைத் தொட்டாற்போல் இழுத்துப் பிடிக்க வேண்டும், நூலின் நடு பாலத்துக்கு அடியில் வரும்படியாக. நூலின் நடுவுக்கும் சாலைக்கும் உள்ள இடைவெளியே வண்டி எழும்பும் அளவு. மீட்டருக்கு 5 செ.மீ. இறங்கி, அதே அளவு ஏறுகிற சாலை, அந்தத் திருப்பத்தை 20 மீட்டர் நீளத்துக்குள் முடித்தால் எழும்பல் 5 செ.மீ. அதையே 12 மீட்டருக்குள் அவசரமாக முடித்திருந்தால் 8 செ.மீ.க்கு மேல். நெடுஞ்சாலையின் பெரிய மேம்பாலங்களுக்கு அடியில் இதெல்லாம் பொருட்டே இல்லை, அங்கே ஐந்தரை மீட்டர் வரை விட்டுக் கட்டுகிறார்கள். இடத்துக்கும் செலவுக்கும் அடங்கிப் பழைய பாதைகளுக்கு அடியில் குடைந்த சப்வேக்களில்தான் இந்த 8 செ.மீ. உயிரை வாங்கும்.

எழுதிய எண்ணின் வயதையும் பார்க்க வேண்டும். பலகை நட்ட பிறகு எத்தனை முறை தார் போட்டார்கள்? ஒவ்வொரு படலமும் இரண்டரை முதல் ஐந்து செ.மீ. பழைய படலத்தைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதியதைப் போட வேண்டும் என்று தமிழக அரசின் தலைமைச் செயலாளர் 2021-ல் உத்தரவிட்டார். அது வீடுகளுக்குள் மழைநீர் புகுவதைத் தடுக்கச் சொன்னது, ஆனால் வளைவுகளுக்கும் நன்மைதான். சுரண்டாமல் இரண்டு முறை போட்டிருந்தால் ‘4.8’ என்ற எழுத்துக்கு அடியில் 4.7-தான் இருக்கும். அடையாளம் எளிது: வளைவின் தூணில் அடிப்பீடம் இருந்தால் அது சாலைக்குள் புதைந்திருக்கிறதா, நடைபாதை விளிம்புக்கல் தேய்ந்துபோனதுபோல் குட்டையாகத் தெரிகிறதா என்று பார்த்தால் போதும். வளைவின் அடிவிளிம்பில் புதிய கீறல்கள் இருந்தால், உங்களுக்கு முன்னால் யாரோ கழி இல்லாமல் அளந்திருக்கிறார்கள்.

இதையெல்லாம் செய்யாத டிரைவர்களை முழுக்கக் குறை சொல்லவும் முடியாது. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் டர்ஹம் நகரில் ஒரு ரயில் பாலம். சாலையிலிருந்து வெறும் 11 அடி 8 அங்குலம். அருகில் வேலை பார்த்த ஒருவர் 2008 முதல் கேமரா வைத்து, அதில் மோதும் லாரிகளைப் படம்பிடித்து வந்தார். உலகப் புகழ் கிடைத்துவிட்டது. எச்சரிக்கைப் பலகைகள் இருந்தன, உயரமான வண்டியைக் கண்டால் சிவப்பு விளக்கு எரியும் கருவியும் வைத்தார்கள். மோதல் நிற்கவில்லை. 2019-ல் பாலத்தையே 8 அங்குலம் தூக்கினார்கள். பிறகும் மோதுகிறார்கள். அந்தப் படங்களில் அதிகம் வருவது வீட்டுச் சாமான் ஏற்ற வாடகைக்கு எடுத்த வண்டிகள். வழக்கமாகக் கார் ஓட்டுகிறவர், தலைக்கு மேல் என்ன இருக்கிறது என்பதையே மறந்திருப்பார்.

மாட்டிக்கொண்டால் என்ன செய்வது? ரயில் பாலத்தில் இடித்திருந்தால் முதல் வேலை ரயில்வேக்குத் தகவல். கர்டர் அங்குலம் நகர்ந்திருந்தாலும் மேலே தண்டவாளம் கோணியிருக்கலாம். வண்டியைப் பின்னால் எடுத்துக் கழற்றிவிட்டுப் போய்விடுவது எளிது, ஆனால் அடுத்த ரயிலின் டிரைவருக்கு அது தெரியாது. ஊர் வளைவு என்றால் அவசரமில்லை. டயரில் காற்றைக் குறைத்து இறக்குவது பழைய வைத்தியம். சில செ.மீ. கிடைக்கும், அதுவும் எல்லாச் சக்கரங்களிலும் சமமாகக் குறைத்தால். இடித்த பக்கம் மட்டும் குறைத்தால் வண்டி அந்தப் பக்கமே சாய்ந்து மூலை இன்னும் உள்ளே போகும். காற்று குறைந்த டயரோடு ஊர்ந்து பத்து மீட்டர் நகரலாம், அதற்கு மேல் ஓட்டினால் டயர் போய்விடும். அடுத்த காற்றுப் பம்ப் எங்கே என்று யோசித்துவிட்டுத் திறப்பது நல்லது.

மில்காரர்கள் செய்யக்கூடியது இன்னும் சுலபம். கன்டெய்னருக்குச் சொல்லும்போதே எட்டரை அடிப் பெட்டியா, ஒன்பதரை அடிப் பெட்டியா என்று கேட்டுவிட்டால் ஒரு முழு அடி வித்தியாசம் கையில் இருக்கிறது. வளைவின் நடுவில் எழுதிய ‘4.8’-ஐ அழித்துவிட்டு, இரண்டரை மீட்டர் அகல வண்டிக்கு உண்மையில் கிடைக்கும் உயரத்தில் 15 செ.மீ. கழித்து, கீழ்நோக்கி முழுமையாக்கி, 4.45 என்று எழுதலாம். அப்போது நம் காலி வண்டி ஒரு செ.மீ. வித்தியாசத்தில் தகுதி இழக்கிறது. கழி போட்டுப் பார்த்து, ஆள் வைத்து, ஊர்ந்து போக வேண்டிய வண்டி என்பது பலகையிலேயே தெரிந்துவிடும். கூடவே வளைவுக்கு அடியில் சாலையில், வண்டியின் சக்கரங்கள் போக வேண்டிய இடத்தில், இரண்டு வெள்ளைக் கோடுகள் இழுத்துவிட்டால் டிரைவர் மேலே பார்க்காமல் கீழே பார்த்தே நடுவில் போவார். ஒரு டப்பா பெயிண்டும் ஒரு மதியமும் ஆகும்.